மூன்று கடை, ஒரு மாடிவீடு: வாடகைக்கு ஜிஎஸ்டி நான் வாங்க வேண்டுமா?

திண்டுக்கல் வாத்தியார்

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. கட்டடம் என் ஒருவன் பெயரில் இருக்கிறது. கீழே மூன்று கடை, மாடியில் ஒரு வீடு. ஜவுளிக்கடை இந்த ஏப்ரலில் இருந்து 90,000 ஆகிறது, இதுவரை 75,000. மருந்துக்கடை 50,000. படிக்கட்டுக்குக் கீழே ஒரு தையல்கடை, 12,000. மாடி வீட்டில் ஒரு குடும்பம், 18,000. எல்லோரும் மாதம் 5ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுவார்கள்.

வாடகையை உயர்த்தும்போது ஜவுளிக்கடைக்காரர், "சார், உங்க வாடகைக்கு ஜிஎஸ்டியை நான்தான் கட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வாங்கவே இல்லையே, அவர் எங்கே கட்டுகிறார்? தேடியதில் 11/2017 என்ற வீத அறிவிக்கை கிடைத்தது. வரிசை எண் 16, தலைப்பு 9972, எதிரே 9 என்று போட்டிருக்கிறது. அப்படியானால் மூன்று கடையிலும் 9 சதவீதம் சேர்த்து நான் வாங்க வேண்டுமா? ஏப்ரலில் இருந்தே ஆரம்பிக்க வேண்டுமா?

ஜவுளி ராஜா

ஐயா, கவலையே படாதீர்கள். வாடகைக்கு ஜிஎஸ்டி இப்போது வாடகைதாரர் தலையில். 2024 அக்டோபரில் மாற்றிவிட்டார்கள். என் கடை ஓனருக்கும் நான்தான் கட்டுகிறேன். கட்டடக்காரருக்கு இதில் வேலையே கிடையாது.

நகராட்சிக் கடை 14

எங்களுக்கு அப்படி இல்லையே. பஸ் ஸ்டாண்டில் நகராட்சிக் கடை எடுத்திருக்கிறேன். மாதாமாதம் வாடகையோடு 18 சதவீதம் சேர்த்துத்தான் ரசீது போடுகிறார்கள். என் வியாபாரம் வருடம் 8 லட்சம்கூடத் தேறாது. 20 லட்சத்துக்குக் கீழே இருந்தால் வரி இல்லை என்றுதானே சொல்கிறார்கள்? இதைத் திரும்ப வாங்க முடியுமா?

ரிட்டர்ன் பாண்டியன்

நகராட்சி அண்ணனுக்கு முதலில். அந்த 20 லட்சம் வாடகை வாங்குகிறவருக்கான அளவு, கொடுக்கிறவருக்கு அல்ல. உங்கள் கட்டடக்காரர் நகராட்சி. சிறு வியாபாரிகளுக்கு அரசும் உள்ளாட்சியும் தரும் சேவைக்கு ஒரு விலக்கு உண்டுதான். ஆனால் அசையாச் சொத்தை வாடகைக்கு விடுவதை அதே இடத்தில் விளக்கம் போட்டு வெளியே எடுத்துவிட்டார்கள். நீங்கள் பதிவு இல்லாதவர் என்றால் நகராட்சி 18 வாங்குவது சரி. பதிவு இருந்தால் ரசீதில் வரி போடக்கூடாது, நீங்களே கட்ட வேண்டும்.

வாத்தியார் சார், நீங்கள் படித்தது சரியான அறிவிக்கைதான், ஆனால் அதை மட்டும் படித்தால் பாதிதான் தெரியும். 11/2017 "எவ்வளவு" என்று மட்டும் சொல்கிறது. அந்த 9 மத்திய வரி. மாநிலமும் தன் பங்குக்கு இன்னொரு 9 போட்டிருக்கிறது. ஆக 18. "எதற்கு இல்லை" என்பது 12/2017இல் இருக்கிறது. உங்கள் மாடி வீடு அங்கே வரும், குடியிருக்க விட்ட வீட்டுக்கு வரி இல்லை. (அந்தக் குடித்தனக்காரருக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கதை வேறு. கேட்டு வையுங்கள்.) "யார் கட்டுவது" என்பது 13/2017. ஜவுளிக்கடைக்காரர் சொன்னது அங்கே இருக்கிறது: 10.10.2024 முதல், பதிவு இல்லாத கட்டடக்காரர் பதிவு உள்ளவருக்குக் கடை விட்டால், வரியை வாடகைக்கு இருப்பவர் நேராக அரசுக்குக் கட்ட வேண்டும். இதற்குத்தான் ரிவர்ஸ் சார்ஜ் என்று பெயர்.

இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தாலும் உங்கள் கேள்விக்குப் பதில் வராது. நீங்கள் பதிவு எடுக்க வேண்டியவரா இல்லையா என்பதுதான் கேள்வி, அது எந்த வீத அறிவிக்கையிலும் இல்லை, சட்டத்தின் 22ஆம் பிரிவில் இருக்கிறது. சேவை செய்கிறவருக்குத் தமிழ்நாட்டில் வருடத்துக்கு 20 லட்சம்.

ஒன்று கேட்கிறேன். மருந்துக்கடைக்காரர் சாதாரணப் பதிவா, இல்லை சிறு வியாபாரிகள் மொத்த வரவில் ஒரு சிறு சதவீதத்தைக் கையிலிருந்து கட்டும் காம்போசிஷனா? தையல்காரருக்குப் பதிவு உண்டா?

திண்டுக்கல் வாத்தியார்

இப்போதுதான் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மருந்துக்கடை போர்டில் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பக்கத்தில் காம்போசிஷன் என்று எழுதியிருக்கிறது. நான்கு வருடமாக அந்தப் போர்டைப் பார்க்கிறேன், இன்றைக்குத்தான் படித்தேன். தையல்காரருக்கு ஒன்றும் கிடையாது. ஜாக்கெட் தைப்பவர், அவ்வளவுதான்.

ஜவுளி ராஜா

அப்படியானால் ஜவுளிக்கடை வாடகைக்கு அவர் கட்டுகிறார், அதை உங்கள் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ரிவர்ஸ் சார்ஜ் போனதை டர்ன்ஓவரில் சேர்க்கக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. மீதி மருந்துக்கடையும் தையல்கடையும் சேர்ந்து 7 லட்சத்துச் சொச்சம். 20க்கு வெகுதூரம்.

ரிட்டர்ன் பாண்டியன்

ராஜா அண்ணே, நீங்கள் சொல்கிற வாக்கியம் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அது உங்களுக்கானது. ரிவர்ஸ் சார்ஜில் வரி கட்டி வாங்கிய சேவையைத்தான் டர்ன்ஓவரில் சேர்க்க வேண்டாம் என்கிறது. உங்கள் கடை டர்ன்ஓவரில் நீங்கள் கொடுத்த வாடகை வராது, அவ்வளவுதான். வாத்தியார் அதை வாங்கவில்லை, கொடுக்கிறார். அவர் கணக்கில் முழுசாக வரும்.

வரி இல்லாத மாடி வீட்டு வாடகையும் வரும். நிறையப் பேர் வழுக்குவது இங்கேதான். "வீட்டு வாடகைக்குத்தான் வரியே கிடையாதே" என்று விட்டுவிடுகிறார்கள். வரி கிடையாது, கணக்குக்கு உண்டு.

சார், உங்கள் மாத வரவு 90,000 + 50,000 + 12,000 + 18,000 = 1,70,000. பன்னிரண்டு மாதம் 20,40,000. பழைய 75,000 வாடகையில் 18,60,000தான். அதனால்தான் இதுவரை யாரும் கதவைத் தட்டவில்லை. அந்த 15,000 உயர்வு உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறது.

பாஸ்புக்கைப் பார்த்துக் கூட்டாதீர்கள். ஜவுளிக்கடை 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு 81,000தான் போடுவார். நீங்கள் எழுத வேண்டியது 90,000.

திண்டுக்கல் வாத்தியார்

டிடிஎஸ் விஷயம் சரியாகச் சொன்னீர்கள், பிடித்துக்கொண்டுதான் போடுகிறார். அப்படியானால் ஏப்ரலில் இருந்தே பதிவு எடுத்து வாங்க வேண்டுமா?

ஜவுளி ராஜா

20 தாண்டின பிறகு வரும் 40,000க்கு மட்டும் 18 சதவீதம் கட்டினால் போதும். 7,200 ரூபாய். இதற்குப் போய் இவ்வளவு அலட்டிக்கொள்வானேன்?

ரிட்டர்ன் பாண்டியன்

முதல் வருடத்துக்கு ராஜா அண்ணன் சொல்வது உண்மையிலிருந்து ரொம்ப விலகவில்லை. கோட்டைத் தாண்டும் நாளில்தான் கடமை பிறக்கிறது. அதற்கு முன்னால் வந்த வாடகைக்குப் பின்னோக்கி வரி கிடையாது. ஏப்ரலில் ஆரம்பித்துக் கூட்டினால் பிப்ரவரி முடிய 18,70,000. மார்ச் 5ஆம் தேதி வாடகை வந்ததும் 20,40,000. அன்றிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் போட்டால், பதிவு தாண்டிய நாளிலிருந்தே நடைமுறைக்கு வரும். தாமதமாகப் போட்டால் பதிவு தந்த நாளிலிருந்துதான் செல்லும், ஆனால் இடைப்பட்ட நாளுக்கான வரியை உங்களிடம் கேட்பார்கள். வாடகைதாரர்களிடம் அதைப் போய்க் கேட்க முடியாது.

ஆனால் அடுத்த ஏப்ரல்? அப்போது நீங்கள் பதிவு பெற்றவர். முதல் 20 லட்சம் சும்மா, மேலே உள்ளதற்கு மட்டும் என்பது வருமான வரி ஸ்லாப் மாதிரி யோசிப்பது. ஜிஎஸ்டியில் அப்படி இல்லை. பதிவு வந்துவிட்டால் கடை வாடகையின் முதல் ரூபாயிலிருந்து.

செல்வி ஆடிட் ஆபீஸ்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வாத்தியார் சார், உங்களுக்கு பேங்கில் எஃப்.டி. இருக்கிறதா?

திண்டுக்கல் வாத்தியார்

ஓய்வுப் பணம் போட்டிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 45,000 வட்டி. ஏன்ம்மா?

செல்வி ஆடிட் ஆபீஸ்

டெபாசிட் வட்டிக்கும் 12/2017இல் விலக்கு இருக்கிறது. விலக்கு பெற்ற சேவை என்றால், மாடி வீடு மாதிரியே டர்ன்ஓவரில் சேர வேண்டும். ஜூன், செப்டம்பர், டிசம்பர் மூன்றும் சேர்ந்து 1,35,000. பிப்ரவரி முடியும்போது 18,70,000 + 1,35,000 = 20,05,000. நீங்கள் தாண்டுவது மார்ச்சில் அல்ல, பிப்ரவரியிலேயே. பழைய 75,000 வாடகையாகவே இருந்தாலும், வருட வட்டி 1,80,000 சேர்ந்தால் சரியாக 20,40,000 வரும். போன வருடமே தாண்டியிருக்கலாம்.

ஜவுளி ராஜா

பேங்கில் பணம் போடுவது வியாபாரமா? தங்கச்சி, ஊரில் பாதி ரிட்டயர்டு ஆட்கள் மாட்டுவார்கள்.

ரிட்டர்ன் பாண்டியன்

செல்வி சொல்வதை நானும் தள்ளிவிட மாட்டேன். வரித் துறையிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கும் முன்தீர்ப்பு ஒன்று குஜராத்தில் இப்படித்தான் வந்தது, வட்டியையும் வாடகையோடு சேர்க்க வேண்டும் என்று. ஆனால் முன்தீர்ப்பு கேட்டவரையும் அவருடைய அதிகாரியையும்தான் கட்டுப்படுத்தும். சேமிப்பைப் போட்டு வைப்பது தொழில் நடத்துவதில் வராது என்று வாதாட இடம் இருக்கிறது. நான் என் ஆட்களுக்கு வட்டியைச் சேர்க்காமல் விட்டதும் உண்டு.

செல்வி ஆடிட் ஆபீஸ்

ஆனால் சார், காம்போசிஷன் பிரிவைப் பாருங்கள். அதற்குத் தகுதி பார்க்கும்போது வட்டியைச் சேர்க்க வேண்டாம் என்று 10ஆம் பிரிவில் தனியாக விளக்கம் எழுதியிருக்கிறார்கள். பதிவுக்கான 22இல் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. தானாகவே சேராது என்றால் அங்கே மட்டும் ஏன் எழுத வேண்டும்?

ரிட்டர்ன் பாண்டியன்

அது வலுவான வாதம்தான். எனக்குப் பதில் தெரிந்த மாதிரி நடிக்க மாட்டேன். வாத்தியார் சார், வாடகையை மட்டும் பார்த்தாலும் இந்த வருடம் தாண்டத்தான் போகிறீர்கள். ஒரு மாதம் முன்னால் பதிவு எடுத்தால் நஷ்டம் ஒரு மாத வரிதான், அதிலும் பெரும்பகுதி வாடகைதாரர் கொடுப்பது. போன வருடக் கணக்கை மட்டும் உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

கீதா பார்லர்

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சின்ன பியூட்டி பார்லர், பதிவு இல்லை, வாடகை 20,000. போன வருடத்திலிருந்து ஓனர் 3,600 "ஜிஎஸ்டி" என்று சேர்த்து வாங்குகிறார். வெள்ளைத்தாளில் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. இது சரியா?

செல்வி ஆடிட் ஆபீஸ்

அந்தத் தாளில் 15 இலக்க எண் இருக்கிறதா அக்கா? தமிழ்நாடு என்றால் 33 என்று ஆரம்பிக்கும். அடுத்த பத்தும் அவருடைய பான் எண்.

கீதா பார்லர்

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்ணே இல்லை.

ரிட்டர்ன் பாண்டியன்

எண் கேளுங்கள். கொடுத்தால் gst.gov.in தளத்தில் Search Taxpayer போய் அடித்துப் பாருங்கள். Active என்று வர வேண்டும், பெயரும் அவருடையதாக இருக்க வேண்டும். பதிவு இல்லாதவர் வரி என்ற பெயரில் ஒரு பைசா வாங்கக்கூடாது. வாங்கியிருந்தால் அதை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும், "எனக்குத்தான் வரி கிடையாதே" என்று பையில் வைத்துக்கொள்ள முடியாது. முதலில் மரியாதையாக எண்ணை மட்டும் கேளுங்கள். பாதிப் பேர் அந்தக் கேள்விக்கே அடுத்த மாதம் 3,600ஐ விட்டுவிடுவார்கள்.

திண்டுக்கல் வாத்தியார்

பதிவு எடுத்தால் என் மூன்று கடைக்கும் என்ன ஆகும் என்று ஒருமுறை சொல்லுங்கள். ஜவுளிக்கடை இப்போது கட்டுவது போலவே கட்டிக்கொண்டு போகலாமா?

ரிட்டர்ன் பாண்டியன்

கூடாது. அந்த ரிவர்ஸ் சார்ஜ் பதிவு இல்லாத கட்டடக்காரருக்கு மட்டும். உங்களுக்கு எண் வந்த அன்றே அது முடிந்தது. ஜவுளிக்கடைக்காரர் இப்போது மாதம் 16,200ஐ ரொக்கமாகக் கட்டி, தன் பெயரிலேயே பில் போட்டு, பிறகு தன் விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்து கிரெடிட் எடுத்துக்கொள்கிறார். இனி நீங்கள் 1,06,200க்கு பில் கொடுப்பீர்கள், அவர் அதே 16,200ஐ உங்கள் பில்லைக் காட்டி எடுத்துக்கொள்வார். அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் எழுத்தில் சொல்லிவிடுங்கள். நான் பார்த்த ஒரு இடத்தில் கட்டடக்காரர் பதிவு எடுத்ததை யாரும் சொல்லாமல், ஐந்து மாதம் இரண்டு பேரும் கட்டியிருக்கிறார்கள். வாடகைதாரரின் ரிட்டர்னான GSTR-3B-யில், ரிவர்ஸ் சார்ஜைக் காட்டும் 3.1(d) கட்டத்தில் வாடகை தொடர்ந்து வருவதையும், மற்றவர்கள் அவருக்குப் போட்ட பில்கள் தெரியும் GSTR-2B-யில் அதே வாடகைக்கு கட்டடக்காரர் பில் இருப்பதையும் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

மருந்துக்கடைதான் சிக்கல். காம்போசிஷன்காரரை 16.01.2025 முதல் ரிவர்ஸ் சார்ஜிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதனால் இப்போது அந்த 50,000க்கு யாரும் வரி கட்டுவதில்லை. நீங்கள் பதிவு எடுத்தால் அது 59,000. அவர் கிரெடிட் எடுக்க முடியாது, 9,000 அப்படியே செலவு. தையல்காரருக்கு 14,160, அவருக்கும் கிரெடிட் கிடையாது.

வாடகை ஒப்பந்தத்தில் வரி தனி என்று இருக்கிறதா?

திண்டுக்கல் வாத்தியார்

மருந்துக்கடை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். "மாத வாடகை ரூ.50,000 (சகல வரிகளும் உட்பட)" என்று இருக்கிறது. சொத்து வரியை மனதில் வைத்து நானே பத்திர எழுத்தரிடம் சொல்லி எழுத வைத்தது. இன்னும் பதினான்கு மாதம் பாக்கி.

ரிட்டர்ன் பாண்டியன்

சரி, அப்படியானால் அந்த 50,000க்குள்ளேயே வரி இருக்கிறது என்றுதான் எடுக்க வேண்டும். 118ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்: வாடகை 42,373, வரி 7,627. பதினான்கு மாதத்துக்கு அந்த 7,627 உங்கள் கையிலிருந்து.

ஜவுளி ராஜா

அதற்குப் பதில் வாத்தியாரே காம்போசிஷன் எடுக்கலாமே? சேவைக்கு 6 சதவீதம்தான். யாரிடமும் வரி கேட்க வேண்டாம், தையல்காரரும் பிழைத்துப் போவார்.

ரிட்டர்ன் பாண்டியன்

நல்ல யோசனை, 50 லட்சம் வரை அது உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 6 சதவீதத்தை வாடகைதாரரிடம் வாங்கக்கூடாது, கையிலிருந்து கட்ட வேண்டும். அது மொத்த வரவுக்கும் பாயும், வரி இல்லாத மாடி வீடு உட்பட. 1,70,000க்கு மாதம் 10,200.

சாதாரணப் பதிவில், மருந்துக்கடைக்கும் தையல்காரருக்கும் வரியை நீங்களே விழுங்கிக்கொண்டாலும் 7,627 + 1,831 = 9,458. ஜவுளிக்கடை தன்னுடையதைத் தானே கொடுத்துவிடும். இரண்டு பேரிடமும் ஒரு பைசா கூடக் கேட்காமலேயே காம்போசிஷனைவிடக் குறைவு. அதோடு, கட்டடம் பழுது பார்த்த பில்லில் கிரெடிட் வந்தால் அது வேறு.

கீதா பார்லர்

கட்டடத்தை மனைவி பேரில் பாதி எழுதிவிட்டால் ஆளுக்கு 10 லட்சம்தானே? எங்கள் தெருவில் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

ரிட்டர்ன் பாண்டியன்

பத்திரமே இருவர் பெயரில் இருந்து, வாடகையும் தனித்தனியாக வந்தால், ஆளாளுக்குத் தனிக் கணக்கு என்று வாதிடலாம். இங்கே பத்திரம் ஒருவர் பெயரில். பாதி வாடகையை அம்மா அக்கவுண்டில் போடச் சொன்னால் மட்டும் எதுவும் மாறாது. எழுதிக் கொடுத்தாலும் வருமான வரியில் அது சுற்றி வந்து சார் தலையிலேயே சேரும்.

செல்வி ஆடிட் ஆபீஸ்

ஒரு சந்தேகம் பாண்டியன் சார். வாடகைதாரர் எல்லோருமே சாதாரணப் பதிவு உள்ளவர்கள், வாடகை 28 லட்சம் என்று வையுங்கள். முழு வரியும் ரிவர்ஸ் சார்ஜில் போகிறவர் பதிவு எடுக்க வேண்டாம் என்று 5/2017 இருக்கிறதே, அவர் எடுக்க வேண்டாமா?

ரிட்டர்ன் பாண்டியன்

வேண்டாம் என்றுதான் நான் படிக்கிறேன். ஆனால் பதிவு இல்லாததால் ரிவர்ஸ் சார்ஜ், ரிவர்ஸ் சார்ஜ் என்பதால் பதிவு வேண்டாம் என்று வட்டமடிக்கிறது என்று ஒரு அதிகாரி என்னிடமே சொன்னார். ஒருவர் பதிவு இல்லாத வாடகைதாரராக இருந்தாலே அந்த வாதம் உடைந்துவிடும். வாத்தியாருக்குத் தையல்காரரும் மருந்துக்கடையும் இருக்கிறார்கள், அந்தக் கதவு அவருக்கு இல்லை.

திண்டுக்கல் வாத்தியார்

ஆடிட்டரை திங்கட்கிழமை பார்க்கிறேன், போன வருட வட்டிச் சான்றிதழோடு. ஜவுளிக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன், "எண் வந்ததும் வாட்ஸ்அப்பில் போடுங்க சார், அந்த மாசத்தோட என் பக்கம் நிறுத்திக்கிறேன்" என்றார். தையல்காரரிடம் 2,160 கேட்பதா, நானே போட்டுக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் கடை ஷட்டருக்கு எண்ணெய் விடச் சொல்லி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், முதலில் அதைச் செய்ய வேண்டும்.